சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் வாந்தி? ஸ்டஃப் நச்சா, சால்மோனெல்லாவா என்று பிரித்தறியும் முழு வழிகாட்டி

வீட்டில் ஒருவருக்கு வாந்தி பேதி என்றால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா என்ன சாப்பிட்டே?" என்பதுதான். பாதி நேரம் அது சரியான கேள்வி. மீதி நேரம் ஒரு பாவமும் அறியாத சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு, உண்மையான குற்றவாளியை ஃப்ரிட்ஜில் பத்திரமாக வைத்திருக்கும் கேள்வி.

எது எப்போது சரி என்பதைச் சொல்வது கடிகாரம். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவர் நான்கு மணிக்குக் குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்தால், அந்த மதியச் சாப்பாட்டைச் சந்தேகப்படுவது நியாயம். அதே ஆளுக்கு நான்கு மணிக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் தொடங்கினால், மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு முந்தைய நாளுக்குப் போக வேண்டும். முதலாவது பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி விட்டுச்சென்ற நச்சு. இரண்டாவதில் முதலில் நினைக்க வேண்டிய பெயர் சால்மோனெல்லா. இந்த இரண்டையும் நேரத்தை வைத்து எப்படிப் பிரிப்பது, அந்தக் கணக்கு எங்கே ஏமாற்றும், பிறகு என்ன செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

நேரம் ஏன் மாறுகிறது

ஸ்டஃப் கிருமி நம் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகக் குடியிருப்பது. ஏறக்குறைய நான்கில் ஒருவர் மூக்கில் அதைச் சுமந்துகொண்டு ஆரோக்கியமாக நடமாடுகிறார். கையில் சீழ்வைத்த கொப்புளம், நகச்சுத்தி, ஆறாத வெட்டுக்காயம் இருந்தால் அங்கே கூட்டம் கூட்டமாக இருக்கும். சமைத்து முடித்த உணவை அந்தக் கையால் தொட்டு, அதைச் சில மணி நேரம் வெளியே வைத்துவிட்டால், கிருமி பெருகிக்கொண்டே உணவுக்குள் நச்சைச் சுரக்கும். வேலை முழுக்க தட்டிலேயே முடிந்துவிடுகிறது. நாம் விழுங்குவது தயார் நிலையில் இருக்கும் விஷத்தை. அது குடல் சுவரில் உள்ள நரம்புகளைத் தூண்ட, அந்தச் செய்தி மூளையின் வாந்தி மையத்துக்குப் போகிறது. இதில் கிருமி நம் உடம்புக்குள் வளர வேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான் காத்திருப்பு நேரம் இவ்வளவு குறைவு.

சால்மோனெல்லா அப்படியில்லை. அது உயிரோடு உள்ளே போக வேண்டும். இரைப்பை அமிலத்தைத் தாண்டித் தப்பியவை சிறுகுடலின் கடைசிப் பகுதியை அடைந்து, குடல் சுவர் செல்களில் ஒட்டி, அந்தச் செல்களே தம்மை உள்ளே இழுத்துக்கொள்ளும்படி செய்கின்றன. அங்கே பெருகுகின்றன. உடம்பு அதைக் கண்டுகொண்டு வெள்ளை அணுக்களை அனுப்ப, குடல் அழற்சியும் காய்ச்சலும் வருகின்றன. இத்தனையும் நடக்க மணிக்கணக்கில் ஆகும், சில நேரம் நாள் கணக்கிலும் ஆகும். சால்மோனெல்லாவில் காய்ச்சல் வருவதற்கும் ஸ்டஃப் நச்சில் வராமல் போவதற்கும் இதுவே காரணம். ஸ்டஃப் விஷம் ஏறுவது, சால்மோனெல்லா கிருமித்தொற்று.

இனி எண்கள். ஸ்டஃப் நச்சு அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு மணிக்குள். திடீரென்று குமட்டல், அடக்க முடியாத வாந்தி, வயிற்றைப் பிசையும் வலி. வயிற்றுப்போக்கு வரலாம், வராமலும் போகலாம். காய்ச்சல் பொதுவாக இருக்காது. ஒரு நாளுக்குள் அடங்கிவிடும்.

சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கூட்டமாகப் பலர் நோயுறும்போது அதிகம் பேருக்கு 12-லிருந்து 36 மணிக்குள் தொடங்குவதைப் பார்க்கலாம். வயிற்றுப்போக்குதான் இதில் கதாநாயகன். கூடவே காய்ச்சல், வயிற்றுவலி, உடம்பு முறிவு. வாந்தி இருந்தாலும் அது முதன்மை இல்லை. சில சமயம் மலத்தில் ரத்தம் தெரியும். நான்கிலிருந்து ஏழு நாள் இழுக்கும். டைஃபாய்டும் சால்மோனெல்லா இனத்தின் ஒரு வகையால்தான் வருகிறது. ஆனால் அதன் காத்திருப்பு வாரக்கணக்கு, போக்கும் வேறு. அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஒரு விமானமும் ஒரு ஆம்லெட்டும்

ஸ்டஃப் நச்சின் போக்கைப் புரிந்துகொள்ள 1975 பிப்ரவரியில் நடந்த ஒரு சம்பவம் போதும். டோக்கியோவிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது ஒரு ஜம்போ விமானம். 344 பயணிகள். கோபன்ஹேகனில் இறங்கும் முன் காலை உணவாக, பதப்படுத்திய பன்றி இறைச்சியான ஹாம் வைத்த ஆம்லெட் கொடுத்தார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் வாந்தி தொடங்கியது. 196 பயணிகளும் விமானப் பணியாளர் ஒருவரும் நோயுற்றார்கள். 140-க்கும் மேற்பட்டவர்களை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று.

பின்னோக்கிப் போன விசாரணை ஆங்கரேஜ் சமையலறையில் போய் நின்றது. அங்கே ஹாமைக் கையாண்ட சமையல்காரர் ஒருவரின் விரல்களில் தொற்று ஏறிய கொப்புளங்கள். தயாரான உணவு அறை வெப்பத்தில் சுமார் ஆறு மணி நேரம் இருந்தது. பிறகு குளிர் அறைக்குப் போனது, ஆனால் அங்கே சுமார் 10 டிகிரி, அதாவது போதிய குளிர் இல்லை. பிறகு விமானத்தின் அடுப்புப் பெட்டிகளில் குளிர்சாதனம் இல்லாமல் மீண்டும் பல மணி நேரம். பரிமாறும் முன் நன்றாகச் சூடாக்கினார்கள். பயனில்லை.

கவனிக்க வேண்டிய இடம் அந்தக் கடைசி வரி. ஸ்டஃப் கிருமி சூட்டில் எளிதாகச் சாகும். அது சுரந்த நச்சு சாகாது, ஏனென்றால் அது உயிருள்ள பொருளே இல்லை. அரை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் தாக்குப்பிடிக்கும் புரதம் அது. ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவே ஒருவரை வாந்தி எடுக்க வைக்கப் போதுமானது. நிறம், மணம், சுவை எதுவும் மாறாது. "கெட்டுப்போன வாடையே இல்லையே, சூடு பண்ணித்தானே சாப்பிட்டோம்" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டும் உண்மை, இரண்டும் பாதுகாப்பு இல்லை.

விமானிகள் தப்பியது தற்செயல். அவர்கள் ஆங்கரேஜில்தான் ஏறினார்கள். அவர்கள் உடம்பின் கடிகாரத்துக்கு அது இரவு உணவு வேளை என்பதால் வேறு சாப்பாடு எடுத்துக்கொண்டார்கள். சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்கள் என்ற இந்தப் பிரிவுதான் பிறகு நாம் போடப்போகும் கணக்கின் இரண்டாவது கால்.

கணக்குப் போடும் முறை

முதல் படி: தொடங்கிய நேரத்தைச் சரியாகப் பிடியுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் வேண்டாம், "ரொம்ப முடியலை" என்று படுத்த நேரமும் வேண்டாம். முதல் அறிகுறி தெரிந்த நேரம் வேண்டும். முதல் குமட்டல், முதல் வயிற்றுப் பிசைவு, முதல் தளர்ந்த மலம், முதல் குளிர் நடுக்கம். நேராகக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. "சீரியல் ஓடிக்கிட்டிருந்ததா, முடிஞ்சிருச்சா?", "பிள்ளை ஸ்கூலிலிருந்து வந்த பிறகா?" என்று பக்கத்தில் நடந்த ஒன்றோடு முடிச்சுப் போட்டுக் கேட்டால் அரை மணி பிசகுக்குள் பிடித்துவிடலாம். ஸ்டஃப் சந்தேகத்தில் அந்த அரை மணி முக்கியம். சால்மோனெல்லாவில் இரண்டு மணி பிசகினாலும் பெரிய மாற்றம் இல்லை.

இரண்டாவது படி: மூன்று நாள் சாப்பாட்டை எழுதுங்கள். கடைசி வேளையை மட்டும் எழுதினால் சால்மோனெல்லா தப்பித்துவிடும். வேளை, நேரம், எங்கே, யாரோடு, தொட்டுக்கொள்ள என்ன என்பது வரை வேண்டும். தொட்டுக்கொண்டதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சிக்கன் சாப்பிட்டது நினைவிருக்கும், கூட வந்த மயோனைஸ் நினைவிருக்காது.

மூன்றாவது படி: பொது வேளையைத் தேடுங்கள். நோயுற்ற எல்லோரும் சேர்ந்து சாப்பிட்ட ஒரு வேளை இருந்தால் அதுவே கடிகாரத்தின் பூஜ்யம். அங்கிருந்து ஒவ்வொருவருக்கும் எத்தனை மணி என்று எண்ணுங்கள். பிறகு அந்த எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுங்கள். சராசரி போட வேண்டாம், ஏனென்றால் ஒருவர் மட்டும் மிகத் தாமதமாக நோயுற்றால் சராசரி அவர் பக்கம் சாய்ந்துவிடும். நடு எண் சாயாது.

நான்காவது படி: அறிகுறியோடு ஒப்பிடுங்கள். நடு எண் ஆறுக்குள் இருந்து, வாந்தி முன்னால் நின்று, காய்ச்சல் இல்லையென்றால் நச்சு. நடு எண் அரை நாளைத் தாண்டி, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் இருந்தால் தொற்று. நேரமும் அறிகுறியும் ஒரே திசையைக் காட்டாவிட்டால் பூஜ்யத்தைத் தவறான வேளையில் வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ஐந்தாவது படி: சாப்பிடாதவர்களையும் கேளுங்கள். நோயுற்றவர்கள் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டார்கள் என்பது ஒன்றையும் நிரூபிக்காது, விருந்தில் எல்லோருமே பிரியாணி சாப்பிட்டிருப்பார்கள். சாப்பிட்டவர்களில் எத்தனை பேர் விழுந்தார்கள், சாப்பிடாதவர்களில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஒரு உதாரணக் கணக்கு

விளக்கத்துக்காக அமைத்த கணக்கு இது. சனிக்கிழமை இரவு 8 மணிக்கு வீட்டில் பிறந்தநாள் விருந்து. கிரில் சிக்கனும், வீட்டிலேயே பச்சை முட்டையில் அடித்த மயோனைஸும். ஞாயிறு மதியம் 1 மணிக்கு, தங்கிப்போன உறவினர்களோடு மட்டன் பிரியாணி. திங்கட்கிழமைக்குள் ஆறு பேர் படுத்துவிட்டார்கள். செவ்வாய் காலை ஒரு குழந்தைக்கும் தொடங்கியது. எல்லோரும் பிரியாணியைத் திட்டுகிறார்கள்.

தொடங்கிய நேரங்கள் இவை: ஞாயிறு காலை 9, ஞாயிறு மதியம் 2, மாலை 6, இரவு 10, திங்கள் விடியற்காலை 4, காலை 8, குழந்தைக்குச் செவ்வாய் காலை 10.

பிரியாணியைப் பூஜ்யமாக வைத்தால் முதல் வரியிலேயே கணக்கு உடைகிறது. காலை 9 மணிக்கு நோயுற்றவர் அப்போது பிரியாணியைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டாவது ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் தொடங்கியிருக்கிறது. அது ஸ்டஃப் நச்சுக்குப் பொருந்தும்தான், ஆனால் அவருக்கு இருந்தது காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். பொருந்தவில்லை.

சனி இரவு 8 மணியைப் பூஜ்யமாக வைத்தால் எண்கள் 13, 18, 22, 26, 32, 36, 62 என்று வரும். நடு எண் 26. காய்ச்சல், பேதியோடு சேர்த்துப் பார்த்தால் சால்மோனெல்லாவின் அச்சு அசல். அடுத்து, சாப்பிட்டவர்கள் கணக்கு. விருந்தில் 21 பேர். மயோனைஸ் தொட்டவர்கள் 9 பேர், அவர்களில் நோயுற்றவர்கள் 6. தொடாதவர்கள் 12 பேர், அவர்களில் நோயுற்றது அந்தக் குழந்தை மட்டும். சிக்கனை ஏறக்குறைய எல்லோரும் சாப்பிட்டிருந்தார்கள் என்பதால் அதை வைத்து எதையும் பிரிக்க முடியவில்லை.

குழந்தை எப்படி? 18 மணி நேரத்தில் நோயுற்றவர் அதன் அம்மா. பேதியோடு இருந்த அம்மாவின் கையிலிருந்து கிருமி குழந்தைக்குப் போயிருக்க இடமுண்டு. ஆக அந்த 62, விருந்திலிருந்து எண்ணக் கூடாத எண். அதை எடுத்துவிட்டால் ஆறு எண்கள் மிஞ்சும், நடுவில் நிற்கும் 22, 26 இரண்டுக்கும் இடையில் 24. முடிவு மாறவில்லை. ஆனால் சால்மோனெல்லாவுக்கு இப்படி ஒரு வால் இருக்கும் என்பதே ஒரு தடயம். ஸ்டஃப் நச்சு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. விமானத்தில் வாந்தி எடுத்தவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவர், ஆம்லெட் சாப்பிடாதவரென்றால், அவருக்கு ஒன்றும் ஆகாது.

கடிகாரம் எங்கே ஏமாற்றும்

நேரம் ஒரு திசைகாட்டிதான், தீர்ப்பு அல்ல. ஸ்டஃப் நச்சின் இரட்டைப் பிறவி போல ஒன்று உண்டு: பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வாந்தி நச்சு. அதற்கும் அரை மணியிலிருந்து ஆறு மணி நேரம், அதற்கும் வாந்திதான் முதன்மை, அதுவும் சூட்டுக்கு அசையாது. கடிகாரத்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. சாப்பாட்டைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். இந்தக் கிருமியின் விதைகள் அரிசியிலேயே இருக்கும், வேகும்போதும் சாகாது. வடித்த சோற்றைப் பாத்திரத்தோடு வெளியே வைத்து மறுநாள் ஃப்ரைட் ரைஸ் ஆக்கினால் சந்தேகம் இதன் மேல். கையால் உதிர்த்த சிக்கன், உரித்த முட்டை, பால் இனிப்பு, கிரீம் பன் என்றால் ஸ்டஃப் மேல்.

இன்னொன்று கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ். பெரிய அண்டாவில் செய்து மெதுவாக ஆறிய கறிக்குழம்பு, குருமாவில் வருவது. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் என்று இரண்டுக்கும் நடுவில் வந்து உட்காரும். வயிற்றுவலியும் பேதியும் உண்டு, வாந்தியும் காய்ச்சலும் அநேகமாக இல்லை, ஒரு நாளில் ஓய்ந்துவிடும். கல்யாண வீட்டில் மதிய விருந்து சாப்பிட்டு நள்ளிரவில் எல்லோரும் கழிவறைக்கு ஓடினால் சால்மோனெல்லாவுக்கு முன் இதை நினையுங்கள்.

நோரோவைரஸ் 12-லிருந்து 48 மணி நேரம். நேரத்தில் சால்மோனெல்லாவைப் போல, வாந்தியில் ஸ்டஃபைப் போல. வீட்டில் ஒருவர் பின் ஒருவராக விழுந்துகொண்டே போனால் இதுவாக இருக்கலாம்.

அளவும் கணக்கைக் குலைக்கும். கிருமி ஏராளமாக இருந்த உணவைச் சாப்பிட்டவருக்கு சால்மோனெல்லா ஆறேழு மணியிலேயே தொடங்கலாம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை வழக்கமாக எடுப்பவர்களுக்கு இரைப்பைக் காவல் தளர்ந்திருப்பதால் குறைந்த கிருமியே போதும். ஒரே ஒருவர் மட்டும் நோயுற்றிருந்தால் இந்த முறை பலவீனமாகிவிடும். பூஜ்யம் எங்கே என்றே தெரியாது, நடு எண்ணும் கிடையாது. அப்போது நேரத்தை விட அறிகுறியை நம்புங்கள்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே வாய் எரிச்சல், மரத்துப்போதல், வாந்தி என்றால் அது பூச்சிமருந்து போன்ற ரசாயனமாக இருக்கலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது வந்தால் இந்தக் கணக்கெல்லாம் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மிச்சத்தைக் கொட்டாதீர்கள்

பழியான பாத்திரத்தை முதலில் கழுவி வைப்பது நம் வழக்கம். பலர் நோயுற்றிருந்தால் அதைச் செய்யக் கூடாது. மிச்சமிருப்பதைச் சுத்தமான மூடிய டப்பாவில் போட்டு, உணவின் பெயர், பரிமாறிய நேரம், எடுத்து வைத்த நேரம் எழுதி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்தால் சில கிருமிகள் அழிந்து பரிசோதனை வீணாகும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தகவல் சொன்னால் மாதிரி எடுக்க வருவார்கள்.

பரிசோதனையிலும் இரண்டும் வேறு வழியில் போகும். சால்மோனெல்லாவை நோயாளியின் மலத்தில் வளர்த்துக் கண்டுபிடிக்கலாம், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் மாதிரி கொடுத்தால் நல்லது. ஸ்டஃபுக்கு மலம் பெரிதாக உதவாது, உணவும் வாந்தியும்தான் வேண்டும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. திரும்பச் சூடாக்கிய உணவில் கிருமி செத்திருக்கும், நச்சு மட்டும் இருக்கும். "கிருமி வளரவில்லை" என்று வரும் அறிக்கை ஸ்டஃபை விடுதலை செய்துவிடாது. நச்சையே தேடும் பரிசோதனை கேட்க வேண்டும். சூடாக்காத உணவில் ஒரு கிராமுக்கு லட்சத்துக்கு மேல் ஸ்டஃப் இருந்தால் அதுவே வலுவான சான்று.

நோயாளிக்கு என்ன செய்வது

இரண்டிலும் முதல் மருந்து ஓஆர்எஸ்தான். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரையுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறி நிலைமை மோசமாகும். பாக்கெட் கிடைக்கும் வரை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதற்கு மேல் உப்பு வேண்டாம்.

ஸ்டஃப் நச்சில் சிக்கல், குடித்தது நிற்காது. டம்ளர் டம்ளராகக் கொடுத்தால் அப்படியே திரும்பி வரும். வாந்தி எடுத்த பிறகு பத்து நிமிடம் விட்டு, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் வீதம் கொடுத்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் நிற்கும். ஆன்டிபயாடிக்கால் இதில் எந்தப் பயனும் இல்லை. கொல்ல உள்ளே கிருமி இல்லை, இருப்பது நச்சு.

சால்மோனெல்லாவிலும் ஆரோக்கியமான பெரியவருக்குப் பொதுவாக ஆன்டிபயாடிக் தேவைப்படாது. நோய் நாளைக் குறைக்காமல், கிருமி மலத்தில் வெளியேறும் காலத்தை நீட்டிவிடவும் கூடும். ஆனால் கைக்குழந்தைகள், முதியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் கிருமி ரத்தத்தில் ஏறும் அபாயம் உண்டு. அவர்களுக்கு மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது பேதியை நிறுத்தும் மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

ஒரு டீஸ்பூன் தண்ணீர்கூட நிற்காவிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால், 39 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தால், மயக்கமோ சோர்ந்த உறக்கமோ இருந்தால் தாமதிக்க வேண்டாம். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் இவற்றில் எதற்கும் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 108, ஆலோசனைக்கு 104.

அடுப்படியில் எதைத் திருத்துவது

காரணத்தைப் பிரித்தறிவதன் உண்மையான பயன் இங்கேதான். சால்மோனெல்லா என்றால் திருத்த வேண்டியது வேகாத இடம். முட்டை, கோழி. முட்டையின் ஓட்டைக் கழுவினால் போதாது, நோயுற்ற கோழியின் சினைப்பையிலேயே கிருமி முட்டைக்குள் போய்விடும். மஞ்சள் கரு கெட்டியாக வேக வேண்டும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸில் வேகும் கட்டமே இல்லை. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் அதற்கு ஓராண்டுத் தடை போட்டதன் காரணம் இதுவே. ஷவர்மாவில் வேறு சிக்கல். வெளிப்பக்கம் வெந்து சிவந்திருக்கும், கூட்ட நேரத்தில் அவசரமாகச் சீவும்போது உள்ளே வேகாத இறைச்சியும் சேர்ந்து வரும். இறைச்சியின் நடுவில் 74 டிகிரி வந்தால் சால்மோனெல்லா தீர்ந்தது. பச்சைக் கோழி வெட்டிய பலகையிலேயே வெங்காயமும் வெள்ளரியும் நறுக்கினால், சிக்கனை எவ்வளவு வேக வைத்தும் பயனில்லை, கிருமி சாலட் வழியாக வரும். சிங்க்கில் கோழியைக் கழுவும்போது தெறிக்கும் நீரும் அப்படித்தான்.

ஸ்டஃப் என்றால் வேக வைத்ததில் குறை தேடாதீர்கள். வெந்த பிறகு யார் கை பட்டது, பிறகு எவ்வளவு நேரம் வெளியே இருந்தது, இந்த இரண்டுதான். கையில் கொப்புளமோ வெட்டோ இருப்பவரைக் காய் நறுக்க விடலாம், அது வேகப் போகிறது. வெந்த சிக்கனை உதிர்க்க, முட்டை உரிக்க, இனிப்பு உருட்ட விடக் கூடாது. பச்சை இறைச்சியில் மற்ற கிருமிகளின் கூட்டத்தில் ஸ்டஃப் தலையெடுப்பது கடினம். வெந்த உணவில் போட்டி இல்லை, அங்கேதான் அதற்குக் கொண்டாட்டம். உப்புப் போட்டுப் பதப்படுத்திய இறைச்சியிலும் இதே கதை. மற்ற கிருமிகளை அடக்கும் உப்பை இது தாங்கிக்கொள்ளும். விமானத்தில் மாட்டியது ஹாம் என்பது வியப்பில்லை.

வெந்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கட்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே போகட்டும். நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில், அதாவது நம் ஊரில் பாதி வருடம், ஒரு மணி நேரம். பெரிய பாத்திரத்தை அப்படியே ஃப்ரிட்ஜில் தள்ளினால் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். நான்கு விரல் உயரத்துக்கு மேல் போகாதபடி அகலமான தட்டுகளில் பிரித்து, ஆவி அடங்கியதும் உள்ளே வையுங்கள்.